‘ஒரு அவகாசம் கொடுங்கள்’ என்று எழுதினால் ஏன் தேதி பதிலாக வருகிறது?

அன்புள்ள மைசூரு மாணவிக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய இரண்டு மெயில்களையும் படித்தேன். ஒன்று நீங்கள் எழுதிய விண்ணப்பம், இன்னொன்று அவர்கள் போட்ட பதில். “மேஷ்ட்ரே, நான் வேலை கேட்டேன், இவர்கள் தேதி சொல்கிறார்கள். எங்கே தப்பு?” என்று கேட்டிருந்தீர்கள். தப்பு ஒரே ஒரு சொல்லில்தான். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. வேற்றுமை உருபுகள் சரி, வினைமுற்றுகள் சரி, நாம் மூன்று வாரம் மல்லுக்கட்டிய ஒற்றுக்கூட ஒழுங்காக மிகுந்திருக்கிறது. இதை வியாழக்கிழமை வகுப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசி நாள் 20 என்று அவர்கள் சொல்லியிருப்பதால் இப்போதே எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, கடைசியில் நான் எழுதித்தரும் திருத்த மெயிலை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

முதலில் உங்கள் மெயில். நீங்கள் எழுதியது அப்படியே:

“மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் நிறுவனத்தில் களப் பயிற்றுநர் பணி காலியாக இருப்பதை அறிந்தேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுடன் வேலை செய்த அனுபவம் எனக்கு 4 ஆண்டு உண்டு. கன்னடமும் தெலுங்கும் நன்றாகப் பேசுவேன். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுவருகிறேன். இந்த வேலைக்கு எனக்கு ஒரு அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விவரங்கள் இணைப்பில் உள்ளன.”

அவர்களுடைய பதில்:

“வணக்கம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் இம்மாதம் 20. எனவே தங்களுக்குப் போதிய அவகாசம் உள்ளது. அதற்குள் விண்ணப்பத்தை அனுப்பிவைக்கலாம். அதன் பிறகு அவகாசம் நீட்டிக்கப்பட மாட்டாது.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ‘அவகாசம்’ என்று ஒருமுறை எழுதினீர்கள். அவர்கள் அதே சொல்லை இரண்டு முறை திருப்பித் தந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் அது வேறு சொல். நீங்கள் கேட்டது வாய்ப்பு. அவர்கள் காதில் விழுந்தது ‘எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்’. அந்த அம்மா உங்கள் இணைப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. நாள் கேட்பவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

கன்னடத்தில் ‘ஒந்து அவகாஷ கொடி’ என்றால் ‘எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்’. வேலைவாய்ப்புக்கு உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் எழுதுவது ‘உத்யோகாவகாஷ’. அதனால் உங்கள் மனதில் அந்த வாக்கியம் கன்னடத்தில் பிறந்து, ‘ஒந்து’ ‘ஒரு’வாகி, ‘கொடி’ ‘கொடுங்கள்’ ஆகி, ‘அவகாஷ’ மட்டும் ஒரு ‘ம்’ சேர்த்துக்கொண்டு எல்லை தாண்டி வந்துவிட்டது. மூன்று சொல்லில் இரண்டு நிஜமாகவே ஒன்றுதான். மூன்றாவது, ஒரே சட்டை போட்ட வேறு ஆள்.

இந்தச் சொல் சமஸ்கிருதத்திலிருந்து எல்லா மொழிக்கும் போனது. மூலத்தில் அதற்கு ‘இடைவெளி, இடம்’ என்று பொருள். அந்த வெற்றிடத்தில் ஒவ்வொரு மொழியும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டது. தமிழ் அதில் நேரத்தை வைத்தது. கன்னடமும் தெலுங்கும் வாய்ப்பை வைத்தன. மழை வரலாம் என்பதற்குத் தெலுங்குச் செய்தியில் ‘வர்ஷாலு குரிசே அவகாசம்’ என்பார்கள். மலையாளத்தில் அது உரிமை. நாம் மனித உரிமை என்பதை அவர்கள் ‘மனுஷ்யாவகாசம்’ என்கிறார்கள். இந்தியில் விடுமுறை. கோடை விடுமுறைக்கு ‘கிரீஷ்மாவகாஷ்’ என்று பள்ளிச் சுற்றறிக்கையில் போடுவார்கள். மராத்தி இன்னும் மேலே போய்விட்டது, அங்கே விண்கலத்துக்கே ‘அவகாஷ்யான்’ என்று பெயர். ஆக, உங்கள் வாக்கியத்தை அந்தந்த மொழிக்காரர் தன் மொழிப் பொருளை மனதில் வைத்து எழுதியிருந்தால், மலையாளி வேலையை உரிமையாகக் கேட்டிருப்பார், இந்திக்காரர் சேருவதற்கு முன்பே லீவு கேட்டிருப்பார். நீங்கள் கேட்டது அவ்வளவு மோசமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நேரம் என்ற பொருளும் உங்கள் மொழியில் இருக்கிறது. ‘காலாவகாஷ’ என்று நீங்களே சொல்வீர்கள். கன்னடத்தில் ‘கால’ என்று முன்னால் ஒட்டினால்தான் அது நேரம், ஒட்டாவிட்டால் வாய்ப்பு. தமிழில் ‘கால அவகாசம்’ என்றாலும் நேரம்தான், வெறும் ‘அவகாசம்’ என்றாலும் நேரம்தான். இந்தச் சின்ன வித்தியாசம்தான் உங்கள் மெயிலைக் கவிழ்த்தது.

நீங்கள் மட்டும் இதில் விழுந்தீர்கள் என்று எண்ண வேண்டாம். இருபத்தைந்து வயதில் நான் பெங்களூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். ஒரு மாதம் சம்பளம் தாமதமானது. வீட்டுக்காரரிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் ‘ஸ்வல்ப அவகாஷ கொடி’ என்றேன். வாடகை தர நாலு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது என் எண்ணம். அவர் முகம் மாறிவிட்டது. “யாவுதக்கே அவகாஷ?” என்றார், எதற்கு என்று. நான் இன்னும் குழைந்து அதையே திரும்பச் சொன்னேன். அறையில் இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். “அவகாஷ இல்லா!” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அனுமதி இல்லை என்று அவர் சொன்னதை, ‘ஒரு நாள்கூடத் தர மாட்டேன்’ என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஒரு நண்பரிடம் கடன் வாங்கி வாடகையைக் கட்டினேன். உங்கள் ஊர் அலுவலகக் கதவுகளில் ‘பிரவேஷக்கே அவகாஷவில்லா’ என்று எழுதியிருப்பதைப் பிறகு ஒருநாள் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

சரி, இனி செய்ய வேண்டியதற்கு வருவோம். இந்த ஒரு சொல்லைத் திருத்துவதோடு விட்டால் அடுத்த மெயிலில் வேறொன்று மாட்டும். அதனால் அனுப்புவதற்கு முன் ஒரு சொல்லை எப்படிச் சோதிப்பது என்பதை இந்தச் சொல்லை வைத்தே காட்டுகிறேன்.

முதல் வேலை, எந்தச் சொல்லைச் சந்தேகப்படுவது என்று தெரிந்துகொள்வது. புதிதாகத் தமிழ் எழுதுகிறவர்கள் எல்லாரும் கஷ்டமான சொற்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ‘களப் பயிற்றுநர்’ சரியா என்று நீங்கள் என்னிடம் இரண்டு முறை கேட்டீர்கள். அதில் ஆபத்தே இல்லை, அதை அவர்கள் விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்தீர்கள். ஆபத்து யோசிக்காமல் கையில் வந்த சொல்லில். எழுதி முடித்ததும் மெயிலை ஒருமுறை வாசித்து, கன்னடத்திலும் இருக்கிற சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். உங்கள் மெயிலில் அப்படி முக்கியமாக நாலு சொல் தேறும்: காலி, அனுபவம், அவகாசம், விவரம். காலி, அனுபவம், விவரம் மூன்றும் இரண்டு மொழியிலும் ஒன்றேதான், பிழைத்தன. மிஞ்சிய ‘அவகாச’த்தைச் சோதனைக்கு எடுங்கள்.

இரண்டாவது, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதற்குத் தமிழில் என்ன பொருளோ அந்த எளிய சொல்லைப் போட்டுப் படிப்பது. அவகாசத்துக்கு எளிய சொல் ‘நேரம்’ அல்லது ‘நாள்’. ‘இந்த வேலைக்கு எனக்கு நேரம் கொடுங்கள்’ என்று வரும். நீங்கள் சொல்ல வந்தது இதுவா? இல்லை. அப்போதே தெரிந்துவிடும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்றாவது.

மூன்றாவது, சொல்லின் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்ப்பது. அகராதிக்குப் போகும் முன் இதைச் செய்யச் சொல்வேன். ஒரு தமிழ் நாளிதழின் இணையதளத்தில் மட்டும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். கூகுள் தேடுபெட்டியில் இப்படி அடிக்க வேண்டும்:

```
site:hindutamil.in "அவகாசம்"
```

எத்தனை முடிவு வந்தது என்ற எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அது ஒன்றும் சொல்லாது. முதல் பத்துத் தலைப்புகளை வாசித்து, ‘அவகாசம்’ என்பதற்கு முன்னால் என்ன சொல் வருகிறது, பின்னால் என்ன வினை வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முன்னால் கால, கூடுதல், போதிய, ஒரு மாத, 15 நாள் என்று வரும். பின்னால் கேட்டார், அளித்தது, நீட்டிப்பு, முடிகிறது, போதவில்லை என்று வரும். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல அவகாசம், வரி கட்ட அவகாசம், மனுவுக்கு விளக்கம் தர அரசு கேட்ட அவகாசம். பத்துத் தலைப்புக்குள் உங்களுக்கே ஒரு உருவம் தெரிய ஆரம்பிக்கும். அவகாசம் கேட்கிறவர் யார்? ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டிய கடமையில் இருப்பவர், அதை இன்னும் செய்து முடிக்காதவர். வேலை கேட்டுப் போகிற நீங்கள் அந்த ஒரு சொல்லால் கடன்காரர் வரிசையில் போய் நின்றுவிட்டீர்கள். பதிலில் ‘நீட்டிக்கப்பட மாட்டாது’ என்று கொஞ்சம் விறைப்பாக வந்ததற்கும் அதுதான் காரணம். அவர்களுக்கு உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

அதே மாதிரி ‘வாய்ப்பு’ என்று தேடிப் பாருங்கள். முன்னால் நல்ல, அரிய, வேலை என்று வரும். பின்னால் கிடைத்தது, நழுவியது, தவறவிட்டார், பயன்படுத்திக்கொண்டார் என்று வரும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று கண்ணில் படும். கொடு, தா, அளி, கேள் என்ற நாலு வினைகளும் இரண்டு சொல்லோடும் சேர்கின்றன. நீங்கள் எழுதியது ‘கொடுங்கள்’. அதனால்தான் வாக்கியம் இலக்கணமாகவும் இயல்பாகவும் இருந்தது, யாருக்கும் பிழை என்று தோன்றவில்லை, வேறு பொருளில் போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் ‘அவகாசத்தை நழுவவிட மாட்டேன்’ என்று எழுதியிருந்தால் அந்த அம்மா ஒரு நொடி நின்று, ‘ஓ, வாய்ப்பைச் சொல்கிறார்’ என்று பிடித்திருப்பார். தட்டுகிற பிழை கண்ணில் படும், வழவழவென்று ஓடுகிற பிழைதான் படாது. ஆகவே சோதிக்கும்போது, இரண்டுக்கும் பொதுவான வினையை விட்டுவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பொருந்துகிற வினையைச் சேர்த்துப் பாருங்கள். ‘அவகாசம் போதவில்லை’ காதுக்கு இதமாக இருக்கிறது. ‘வாய்ப்பு போதவில்லை’ என்றால் வேறு ஏதோ சொல்கிறது. இவை ஒரே பொருள் கொண்டவை அல்ல என்பதற்கு அது போதும்.

நான்காவது, ‘ஒரு’. இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வாக்கியத்தில் விசித்திரமாக ஒலித்தது அவகாசம் மட்டுமில்லை, அதன் முன்னால் நின்ற ‘ஒரு’வும்தான். வாய்ப்பை எண்ணலாம்: ஒரு வாய்ப்பு, இரண்டு வாய்ப்பு, கிடைத்த மூன்று வாய்ப்பையும் கோட்டைவிட்டான். அவகாசத்தை எண்ண மாட்டோம். அதை அளப்போம், மாவு மாதிரி. கொஞ்சம் அவகாசம், இரண்டு வார அவகாசம், போதிய அவகாசம். ‘ஒரு மாத அவகாசம்’ என்று வருகிறதே என்று கேட்பீர்கள். அங்கே ‘ஒரு’ மாதத்தைத்தான் எண்ணுகிறது, அவகாசத்தை இல்லை. ‘இரண்டு அவகாசம் கொடுங்கள்’ என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். கன்னடத்தில் ‘எரடு அவகாஷ’ தாராளமாகச் சொல்லலாம். அகராதி கையில் இல்லாத நேரத்தில், இரண்டு என்று போட்டுப் பக்கத்தில் இருக்கிற தமிழ்க்காரரிடம் காட்டுங்கள். அவர் முகத்தைச் சுளித்தால் நின்றுவிடுங்கள். பொருளை விளக்கச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள். சுளிப்பு மட்டும் பொய் சொல்லாது.

அப்புறம் அகராதி. இதில் நீங்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளில் அவகாசத்துக்கு ஓய்வு, சமயம், வாய்ப்பு என்ற பொருள்களும் இருக்கும். அவை தவறு இல்லை, அந்தக் காலத்து எழுத்தில் அப்படியும் புழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதன் வேலை ஒரு சொல் எந்தெந்தக் காலத்தில் எப்படியெல்லாம் வழங்கியது என்று சேர்த்துவைப்பது. இன்றைக்கு அலுவலக மெயிலில் எது செல்லும் என்று அது சொல்லாது. அதற்குக் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யைப் பாருங்கள். 1992இல் முதலில் வந்தது, பிறகு விரித்துத் திருத்திய பதிப்புகள் வந்திருக்கின்றன. இன்றைய எழுத்தில் வழங்கும் சொற்களை எடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருவதுதான் அதன் முறை. வந்த புதிதில் நீங்கள் வாசிக்க வேண்டியது பொருளை இல்லை, அந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களை.

இப்படி ஒரு கேள்வி வரலாம்: தமிழில் மட்டும் ஏன் இந்தச் சொல் இவ்வளவு சுருங்கிப் போனது? 1916வாக்கில் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய பிறகு, மேடையிலும் பத்திரிகையிலும் அலுவலகத்திலும் வடசொல்லுக்குப் பதில் தமிழ்ச்சொல் தேடுவது பரவியது. வாய்த்தல் என்றால் அமைதல், கைகூடுதல். அதிலிருந்து வந்த ‘வாய்ப்பு’ இன்று முழுப் பரப்பையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகம் என்ற பெயர்ப் பலகை மாவட்டத் தலைநகர்கள்தோறும் உண்டு. அவகாசத்துக்கு நேரம் என்ற ஒரு மூலை மட்டும் மிஞ்சியது, அதில் அது அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. வடசொல் பலவற்றின் கதை தமிழில் இதுதான் என்பது என் எண்ணம். ஒரு வடசொல் கன்னடத்தில் எவ்வளவு அகலமாக இருக்கிறதோ, தமிழில் அவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பாருங்கள். எல்லா இடத்திலும் பலிக்காது, ஆனால் பாதிக்கு மேல் பலிக்கும்.

உங்கள் பயோடேட்டாவில் ஒன்று பலித்திருக்கிறது. பி.யு. கல்லூரியில் 2 ஆண்டு ‘உபன்யாசகி’யாக இருந்தேன் என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் அது கல்லூரி ஆசிரியர் பதவி. இங்கே உபன்யாசம் என்றால் கோயில் மண்டபத்தில் ராமாயணமோ பாகவதமோ சொல்வது. படிப்பவர் கண்முன்னால் நீங்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். விரிவுரையாளர் என்று மாற்றுங்கள். இன்னொன்றும் பார்த்தேன். ‘என் சம்சாரம் மைசூரில் இருக்கிறது’ என்ற வரி. கன்னடத்தில் சம்சாரம் என்றால் குடும்பம், சரி. தமிழ்ப் பேச்சில் ‘என் சம்சாரம்’ என்றால் என் மனைவி. எழுதியவர் நீங்கள் என்பதால் அந்த அலுவலகத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். குடும்பம் என்றே எழுதலாம், அந்த வரியே வேலைக்குத் தேவையில்லை என்பதால் எடுத்துவிட்டாலும் நல்லது.

அடுத்தது, ‘வாய்ப்பு’ என்று போட்டால் மட்டும் உங்கள் வாக்கியம் சரியாகிவிடுமா? பொருள் சரியாகிவிடும். ‘இந்த வேலைக்கு எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்’ என்பது புரியும், தப்பில்லை, ஆனால் பேச்சும் எழுத்தும் கலந்து நிற்கிறது. ‘கொடுங்கள்’ நேரில் சொல்வது. விண்ணப்பத்தில் ‘அளிக்குமாறு’ என்று வரும். ‘வேலைக்கு வாய்ப்பு’ என்பதைவிட, என்ன செய்ய வாய்ப்பு என்று வினையாகச் சொல்வது தமிழுக்கு இயல்பு: ‘தங்கள் நிறுவனத்தில் களப் பயிற்றுநராகப் பணியாற்ற வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இதுவே போதும். ‘தயவுசெய்து’, ‘தாழ்மையுடன்’, ‘தங்கள் பாதம் பணிந்து’ எதுவும் வேண்டாம். சிலர் ‘சந்தர்ப்பம் தாருங்கள்’ என்று எழுதுவார்கள். பொருள் சரிதான், ஆனால் விண்ணப்பத்தில் கொஞ்சம் பழைய வாடை வரும். ‘சந்தர்ப்பவாதி’ என்ற வசவு வேறு அதன் பின்னாலேயே நிற்கிறது. உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

‘வாய்ப்பு’ பற்றியும் ஒரே ஒரு எச்சரிக்கை. நடக்கக்கூடும் என்ற பொருளும் அதற்கு உண்டு, வானிலை அறிக்கையில் ‘மழை பெய்ய வாய்ப்பு உள்ளது’ என்பார்கள். பேச்சில் ‘வாய்ப்பே இல்லை’ என்றால் நடக்கவே நடக்காது. அதனால் மெயிலில் ‘எனக்கு வாய்ப்பு உண்டா?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். தேர்வாவேனா மாட்டேனா என்று ஜோசியம் கேட்பது போல ஆகிவிடும்.

அவகாசத்தை இனிமேல் தொடவே கூடாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இதே வேலை விஷயத்தில் அதற்கு ஒரு சரியான இடம் காத்திருக்கிறது. அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்து, 1ஆம் தேதி வந்து சேருங்கள் என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய வேலையை விட நீங்கள் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அப்போது எழுதுங்கள்: ‘பணியில் சேர எனக்கு ஒரு மாத அவகாசம் தேவைப்படுகிறது.’ இங்கே நேரம் என்று மாற்றிப் படித்தாலும் பொருள் நிற்கிறது. ‘ஒரு’ மாதத்தை எண்ணுகிறது. செய்ய வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது, அதற்கு நாள் கேட்கிறீர்கள். எல்லாச் சோதனையிலும் தேறுகிறது. அந்த மெயிலில் ‘கெடு’ என்று போட்டுவிடாதீர்கள். உங்கள் ‘கடுவு’க்கு இங்கே கெடு என்பது சரி, ஆனால் கெடு மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு விதிப்பது. அவகாசம் கீழிருந்து கேட்பது.

இப்போது திருத்த மெயில். புதிதாக ஒரு விண்ணப்பம் அனுப்பாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எது செல்லும் என்று குழம்புவார்கள். அவர்கள் அனுப்பிய பதிலுக்கே பதில் போடுங்கள், பழைய மெயில் கீழே தெரியட்டும். பொருள் வரியை மாற்ற வேண்டாம். எழுத வேண்டியது:

“மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் பதிலுக்கு நன்றி. என் முந்தைய மின்னஞ்சலில் ‘வாய்ப்பு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அவகாசம்’ என்று எழுதிவிட்டேன். கன்னடத்தில் அச்சொல்லுக்கு வாய்ப்பு என்று பொருள். எனக்குக் கூடுதல் நாள் தேவையில்லை. என் விண்ணப்பம் முழுமையானது. திருத்திய பயோடேட்டாவை இத்துடன் இணைத்துள்ளேன். களப் பயிற்றுநராகப் பணியாற்ற வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ‘கூடுதல் நாள் தேவையில்லை’ என்ற வரிதான் இந்த மெயிலின் முக்கியமான வேலையைச் செய்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பிழைக்கான காரணம் ஒரே வரி. அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டு நீட்டாதீர்கள். கன்னடம் பேசும் கிராமங்களுக்கு ஆள் தேடுகிற நிறுவனம் அது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் கன்னட ‘அவகாஷ’மும் தெலுங்கு ‘அவகாசம்’உம் காதில் விழாத நாள் கிடையாது. அந்த ஒற்றை வரியைப் படித்ததும் அந்த அம்மா சிரித்துவிடுவார் என்றே நினைக்கிறேன்.

அனுப்புவதற்கு முன் பயோடேட்டாவில் உபன்யாசகியையும் சம்சாரத்தையும் மாற்றிவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு சொல். பயோடேட்டாவின் மூன்றாம் பத்தியை ‘இந்த வேலையின் விசாரமாக’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். கன்னடத்தில் ‘விசார’ என்றால் விஷயம். தமிழில் விசாரம் என்றால் கவலை. ‘இப்பணி தொடர்பாக’ என்று போடுங்கள். வியாழக்கிழமை வரும்போது கோடு போட்ட தாளையும் கொண்டுவாருங்கள், மீதியை உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மேஷ்ட்ரு
ஓசூர்